சிசிஎன்ஏ வகுப்புக்குக் காசு கட்டலாமா? கொழும்பில் நெட்வொர்க் வேலை தேடுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

உயர்தரம் முடித்த பிள்ளைகளும் அவர்களுடைய அம்மா அப்பாவும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "சிசிஎன்ஏ செய்தால் வேலை கிடைக்குமா?" என்பதுதான். சிசிஎன்ஏ என்பது நெட்வொர்க் சாதனங்கள் செய்யும் சிஸ்கோ கொம்பனியின் அடிப்படை நெட்வொர்க் சான்றிதழ். நெட்வொர்க் சப்போர்ட் வேலைக்குப் புதியவர்களை எடுக்கும் நேர்முகத் தேர்வுகளில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கேட்பவர்கள் என்னிடம் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதிலை எதிர்பார்க்கிறார்கள். அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்கு அது பெறுமதியா இல்லையா என்பதை நீங்களே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதற்குச் சில வார மாலை நேரங்கள் போதும், செலவும் கிடையாது. இலட்ச ரூபாவைத் தொடும் ஒரு முடிவுக்கு முன்னால் சில வாரம் ஒதுக்குவது பெரிய விஷயமில்லை.

முதலில், எந்தக் காகிதத்துக்குக் காசு கட்டுகிறீர்கள்?

நான் காணும் குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. சிசிஎன்ஏ என்ற பெயரில் இரண்டு வேறு காகிதங்கள் உலவுகின்றன. ஒன்று, வகுப்பு நடத்தும் நிறுவனம் "இவர் இந்தப் பயிற்சிநெறியை முடித்தார்" என்று தருவது. மற்றது, சிஸ்கோ நடத்தும் 200-301 என்ற பரீட்சையில் சித்தியடைந்தவர்களுக்கு சிஸ்கோவே தருவது. வகுப்புக்கே போகாமல் நேராக அந்தப் பரீட்சை எழுதலாம், முன்தகைமை எதுவும் கேட்கமாட்டார்கள். அதேபோல வகுப்பை முழுதாக முடித்துவிட்டுப் பரீட்சை எழுதாமலும் இருக்கலாம். கொழும்பில் நிறையப் பேர் இந்த இரண்டாவது வகைதான். அவர்கள் சுயவிவரக் கோவையில் "சிசிஎன்ஏ" என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள், நாங்கள் சான்றிதழின் சரிபார்ப்பு இணைப்பைக் கேட்டதும் வகுப்பு நிறுவனத்தின் காகிதத்தை நீட்டுகிறார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. வித்தியாசத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பரீட்சை 120 நிமிடம், கட்டணம் 300 அமெரிக்க டொலர். பியர்சன் வியூ பரீட்சை நிலையத்திலோ வீட்டில் இருந்து கமரா கண்காணிப்பிலோ எழுதலாம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய் விடையை மாற்ற முடியாது. தவறினால் 5 நாள் கழித்து மறுபடி எழுதலாம், ஆனால் மறுபடியும் முழுக் கட்டணம். சித்தியடைந்தால் சான்றிதழ் 3 வருடம் செல்லும்.

ஆகவே வகுப்பில் சேரப் பேசும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "நீங்கள் சொல்லும் கட்டணத்தில் சிஸ்கோ பரீட்சைக் கட்டணம் அடங்குமா?" பெரும்பாலும் அடங்காது. "சர்வதேசச் சான்றிதழ்" என்று அச்சிட்டிருப்பது எந்தக் காகிதத்தை என்றும் அங்கேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை விளம்பரங்களை வாசியுங்கள், வகுப்புப் பிரசுரத்தை அல்ல

"ஐடி வேலை" என்று தேடினால் ஒன்றும் தெரியவராது. எந்த வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள். உயர்தரத்தோடு வருபவருக்கு நெட்வொர்க் பக்கம் திறக்கக்கூடியவை பொதுவாக மூன்று: ஐடி சப்போர்ட் அல்லது ஹெல்ப்டெஸ்க் பயிலுநர், நெட்வொர்க் கண்காணிப்பு நிலையத்தில் ஷிஃப்ட் வேலை, நெட்வொர்க் கேபிள், சுவிட்ச் பொருத்தும் தொழில்நுட்பவியலாளர். topjobs.lk தளத்திலும் LinkedIn-இலும் `IT support`, `NOC`, `network technician`, `network trainee` என்று தேடி, கொழும்பிலும் அதைச் சுற்றியும் உள்ள 30 விளம்பரங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தனையும் ஒரே நாளில் கிடைக்காது. சில நாட்கள் தொடர்ந்து பாருங்கள்.

பிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு வரிகளை மட்டும் சேர்த்து வாசியுங்கள். சான்றிதழ் பற்றிய வரி ஒன்று, அனுபவம் பற்றிய வரி மற்றது. தனித்தனியாக வாசித்தால் ஏமாந்துபோவீர்கள். "சிசிஎன்ஏ கட்டாயம்" என்று பார்த்ததும் பிரசுரக்காரர் சொன்னது சரிதான் என்று தோன்றும். அதே விளம்பரத்தில் கீழே "2 வருட அனுபவம்" என்று இருந்தால், அந்தக் கதவைச் சிசிஎன்ஏ மட்டும் உங்களுக்குத் திறக்காது. "சிசிஎன்ஏ இருந்தால் நல்லது" என்பது வேறு. "சிசிஎன்ஏ படித்துக்கொண்டிருப்பவர்" என்பது இன்னும் வேறு. கடைசியாகச் சொன்ன வகையில் அவர்கள் பரீட்சைச் சான்றிதழைக் கேட்கவே இல்லை, அடிப்படை தெரிந்த, படிக்கும் மனமுள்ள ஒருவரைத்தான் கேட்கிறார்கள். வீட்டில் இருந்து படிப்பவரும் அதற்குப் பொருந்துவார்.

ஒரு கொப்பியில் ஐந்து பத்தி போடுங்கள்: கட்டாயம் ஆனால் அனுபவம் வேண்டாம், கட்டாயம் அனுபவமும் வேண்டும், இருந்தால் நல்லது, பேச்சே இல்லை, பட்டம் வேண்டும். ஒவ்வொரு விளம்பரத்தையும் ஒரு பத்தியில் போட்டுவிடுங்கள். சான்றிதழின் விலை எவ்வளவு நியாயம் என்பதை இந்தப் பக்கம்தான் சொல்லப்போகிறது.

இன்னொன்று, விளம்பரத்தில் பல நேரம் எழுதாமல் விடுவது. ஹெல்ப்டெஸ்க்கில் தொலைபேசி எடுத்தால் மறுமுனையில் பேசுபவர் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேசுவார். தமிழ் மொழிமூலம் படித்து, ஆங்கிலம் ஓரளவு, சிங்களம் கொஞ்சம் என்ற நிலையில் வரும் நம் பிள்ளைகள் அந்த வேலையில் தடுமாறுவது ரூட்டிங் தெரியாததால் இல்லை, அச்சுப்பொறி வேலை செய்யவில்லை என்று பதறும் ஓர் ஊழியருடன் அவருடைய மொழியில் பேசி என்ன பிரச்சினை என்று பிடிக்க முடியாததால். இது மனதுக்குக் கசப்பாக இருக்கலாம், ஆனால் மறைத்தால் உங்களுக்குத்தான் நட்டம். உங்கள் குறை அதுவென்றால், அதே காசில் ஒரு சிறு பங்கைப் பேச்சுச் சிங்களத்துக்குக் கொடுப்பது முதல் வேலைக்கு அதிகம் உதவும்.

வேலைக்கு முன் வந்ததா, பின் வந்ததா?

"எங்களிடம் சிசிஎன்ஏ படித்தவர்கள் இன்ன இன்ன கொம்பனிகளில் இருக்கிறார்கள்" என்று ஒரு படச்சட்டம் காட்டுவார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் படத்தில் இல்லாதது திகதி.

LinkedIn-இல் நீங்கள் விரும்பும் கொம்பனியின் பக்கத்துக்குப் போய் ஊழியர்களைப் பாருங்கள். உங்களுக்கு மூன்று நான்கு வருடம் முன்னால் போனவர்களையே தேர்ந்தெடுங்கள். பதினைந்து வருட அனுபவமுள்ள மூத்தவர்களின் பாதை உங்களுக்குப் பொருந்தாது. ஒவ்வொருவரின் பக்கத்திலும் முதல் வேலை தொடங்கிய மாதத்தையும், சான்றிதழுக்குக் கீழே `Issued` என்று இருக்கும் மாதத்தையும் ஒப்பிடுங்கள். சான்றிதழ் வேலைக்கு முன்பா, பின்பா? பத்துப் பேரைப் பார்த்தால் அந்தக் கொம்பனியின் பழக்கம் புரிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் கழித்துத்தான் சான்றிதழ் என்று திரும்பத் திரும்ப வந்தால், அங்கே அது உள்ளே போகும் வழி இல்லை, உள்ளே போனபின் மேலே ஏறும் வழி. கொம்பனியே பரீட்சைக் காசைக் கொடுத்திருக்கவும் வாய்ப்பு அதிகம்.

முன்பே எடுத்தவர்கள் கூடுதலாக இருக்கும் இடங்களும் உண்டு. வங்கிகளுக்கும் அரச திணைக்களங்களுக்கும் சிஸ்கோ சாதனங்களை விற்றுப் பொருத்தும் கொம்பனிகளைப் பாருங்கள். சிஸ்கோவின் பங்காளியாக இருக்க அவர்களிடம் சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் இருக்க வேண்டும், கேள்விப்பத்திரங்களுக்கு விலை போடும்போதும் ஊழியர்களின் சான்றிதழ்களை இணைக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் சான்றிதழ் கொம்பனிக்கே பயன்படும் பொருளாகிறது. ஆனால் இங்கே எண்ணப்படுவது சிஸ்கோ பரீட்சைச் சான்றிதழ் மட்டும்தான், வகுப்பு முடித்த காகிதம் ஒன்றுக்கும் உதவாது. கட்டார், டுபாய் பக்கம் விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கும் இதே கதைதான். அங்கே உங்களை யாருக்கும் தெரியாது, முதல் வடிகட்டலில் காகிதம் பேசும்.

முடிந்தால் அந்தப் பத்துப் பேரில் இருவருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். "அண்ணா, நீங்கள் சேரும்போது நேர்முகத் தேர்வில் சிசிஎன்ஏ பற்றிக் கேட்டார்களா, இல்லாவிட்டால் வேறு என்ன கேட்டார்கள்?" என்று ஒரே கேள்வி போதும். எல்லோரும் பதில் போடமாட்டார்கள். போடுபவர் ஒருவர் சொல்வது எந்தப் பிரசுரத்தையும் விடப் பெறுமதி.

காசு கட்டும் முன் கையை வைத்துப் பாருங்கள்

சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகடமியில் பதிந்தால் Packet Tracer என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். சாதாரண மடிக்கணினியில் சுவிட்ச், ரூட்டர் எல்லாம் வைத்து நெட்வொர்க் கட்டிப் பார்க்கலாம். இரண்டு மூன்று வாரம் இதில் இருங்கள். எனக்கு இது மிக முக்கியமான படி, ஏனென்றால் உங்களுக்கு இந்த வேலை பிடிக்குமா என்பதும், வகுப்பு வேண்டுமா என்பதும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும்.

நேர்முகத் தேர்வில் புதியவரிடம் நான் கேட்பது போன்ற ஒரு கேள்வி: 256 முகவரி கொண்ட 192.168.10.0/24 என்ற நெட்வொர்க்கை நான்கு சம பங்காகப் பிரி, 192.168.10.77 எந்தப் பங்கில் விழும்? நான்கு பங்கென்றால் /26. ஒவ்வொன்றிலும் 64 முகவரி, அதில் முதலாவதும் கடைசியும் போக 62 பயன்படும். பங்குகள் 0, 64, 128, 192 இல் தொடங்குகின்றன, ஆகவே 77 இருப்பது 64 முதல் 127 வரையான இரண்டாவது பங்கில். கடுதாசியில் ஒரு நிமிடத்துக்குள் இது வர வேண்டும். சித்தியடைந்த சான்றிதழோடு வந்து இந்த இடத்தில் வாய் திறக்காமல் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், சான்றிதழே இல்லாமல் வந்து சுவரில் வரைந்து விளக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாமவரைத்தான் எடுப்போம்.

அடுத்தது, ஒரு சுவிட்சில் கணக்குப் பிரிவின் கணினியைத் தனி விலானில், அதாவது ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்கில், போடுவது:

```
enable
configure terminal
vlan 10
 name ACCOUNTS
interface fastEthernet 0/1
 switchport mode access
 switchport access vlan 10
end
show vlan brief
```

இதைத் தட்டிவிட்டு, கடைசிக் கட்டளையின் பட்டியலில் Fa0/1 விலான் 10க்கு நேரே வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விலான் 1இல் இருக்கும் இன்னொரு கணினிக்கு, இணைப்பைச் சோதிக்கும் பிங் அனுப்புங்கள். போகாது. ஏன் போகவில்லை என்று உங்களுக்கே தேடத் தோன்றினால், இரவு பதினொரு மணிக்கும் அதை விடாமல் தேடினால், நீங்கள் தனியாகவே நிறையத் தூரம் போவீர்கள், வகுப்பு இல்லாமலும் சமாளிக்கலாம். தேடத் தோன்றியும் ஒரே இடத்தில் நாட்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தால் வகுப்பு உதவும், அந்தக் காசுக்கு நியாயம் இருக்கிறது. தேடவே தோன்றவில்லை என்றால், அதை இந்த இடத்தில் அறிந்துகொண்டது ஒரு பெரிய தொகையை மிச்சப்படுத்தியதற்குச் சமம்.

பரீட்சைக் கேள்விகளை மனப்பாடம் செய்யும் "டம்ப்" கோப்புகளைப் பற்றியும் ஒன்று. அவற்றைப் பயன்படுத்தியது தெரிந்தால் சிஸ்கோ சான்றிதழை இரத்துச் செய்யலாம். அது நடக்காவிட்டாலும் மேலே சொன்ன 77 கேள்வியில் ஆள் அகப்பட்டுவிடுவார்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

புறக்கோட்டையில் ஒரு கடையில் மாதம் 50,000 ரூபாவுக்கு வேலை செய்யும் ஒரு தம்பியை எடுத்துக்கொள்வோம். உயர்தரம் வர்த்தகப் பிரிவு, வீடு வெள்ளவத்தை. ஒரு வகுப்பில் சனி, ஞாயிறு நான்கு மாதத்துக்கு 95,000 ரூபா சொல்லியிருக்கிறார்கள். (எண்கள் கணக்குக் காட்ட நான் வைத்தவை, உங்கள் எண்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.) பரீட்சைக் கட்டணம் சேரவில்லை. ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் பரீட்சைக்கு 90,000, வங்கி அட்டைக் கட்டணமும் வரியும் வந்தால் அதற்கு மேலே. ஆக 185,000. கடையில் சனிக்கிழமை வேலை உண்டென்றால் நான்கு மாதத்தில் சுமார் 17 சனிக்கிழமைச் சம்பளம் போகும், ஒரு நாளைக்கு 2,000 என்றால் இன்னும் 34,000. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் அதுவும் அவருடைய பையில் இருந்துதான் போகிறது. மொத்தம் 219,000. முதல் தடவை தவறினால் 309,000. "95,000 ரூபா கோர்ஸ்" என்று தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது.

இப்போது அவருடைய கொப்பி. 30 விளம்பரத்தில்: சிசிஎன்ஏ கட்டாயம் ஆனால் அனுபவம் வேண்டாம் 4, கட்டாயம் அனுபவமும் வேண்டும் 6, இருந்தால் நல்லது 9, பேச்சே இல்லை 8, பட்டம் வேண்டும் 3. இன்றைக்கே, கையில் ஒன்றும் இல்லாமல், அவர் விண்ணப்பிக்கக்கூடியவை 9 உம் 8 உம் சேர்ந்து 17. சான்றிதழ் எடுத்தால் புதிதாகத் திறப்பவை 4. ஒன்பதில் அவருடைய பெயர் கொஞ்சம் மேலே வரும். ஆறும் மூன்றும் எப்படியும் மூடியே இருக்கும். இரண்டு இலட்சத்துக்கு மேலே கொடுத்து வாங்குவது நான்கு கதவும் ஒன்பதில் ஒரு தள்ளும்தான்.

இந்தத் தம்பிக்கு நான் சொல்வது: வகுப்பில் இப்போது சேராதே. Packet Tracer-இல் படித்துக்கொண்டே அந்த 17க்கும் விண்ணப்பம் போடு, சுயவிவரக் கோவையில் "சிசிஎன்ஏ 200-301 படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று உண்மையை எழுது, செய்து பார்த்த பயிற்சிகளைப் படம் பிடித்து இணை. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டு, பேச்செல்லாம் நன்றாகப் போய், கடைசியில் சான்றிதழ் இல்லை என்ற காரணத்துக்காகவே திருப்பி அனுப்புகிறார்கள் என்று இரண்டு மூன்று முறை நடந்தால் அப்போது 90,000ஐ பரீட்சைக்குக் கட்டு. கூப்பிடவே இல்லை என்றால் சிக்கல் சுயவிவரக் கோவையிலோ மொழியிலோ இருக்கலாம், சான்றிதழ் வாங்கும் முன் அதைத் திருத்து.

அதே கொப்பியை, ஒரு கொம்பனியில் ஹெல்ப்டெஸ்க்கில் இரண்டு வருடம் இருக்கும் ஒரு தங்கச்சியின் கையில் கொடுத்தால் விடை தலைகீழாக மாறும். அவருக்கு அந்த 6 உம் திறந்துவிடும், அவை நெட்வொர்க் எஞ்சினியர் பக்கம் போகும், சம்பளம் கூடிய வேலைகள். வகுப்பை விட்டுவிட்டுப் பரீட்சைக்கு மட்டும் 90,000 போட்டு, சம்பளம் மாதம் 20,000 கூடினால் ஐந்து மாதத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். அவரிடம் நான் தயங்காமல் கட்டு என்றுதான் சொல்வேன். கட்டும் முன் தன் மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் இன்னும் நல்லது, கொம்பனியே கொடுக்கக்கூடும். கொடுத்தால் எத்தனை மாதம் விலகக் கூடாது என்று கையெழுத்து வாங்குகிறார்களா என்று மட்டும் வாசித்துப் பாருங்கள்.

சேருவதென்று முடிவெடுத்தால்

நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா என்று tvec.gov.lk தளத்தில் பாருங்கள். நிறுவனம் பதிந்திருப்பது வேறு, அந்தக் குறிப்பிட்ட பயிற்சிநெறிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகடமியாக இருந்தால் சிசிஎன்ஏ பயிற்சிநெறியின் மூன்று பாகங்களும் முடிப்பவர்களுக்குப் பரீட்சைக் கழிவு வவுச்சர் கிடைக்க வழி உண்டா, எந்த நிபந்தனையில் என்று விசாரியுங்கள். படிப்பிப்பவர் யார், அவர் இன்றைக்கு நெட்வொர்க் வேலை செய்கிறாரா, சுவிட்சையும் ரூட்டரையும் கையால் தொட விடுவார்களா, ஒரு மேசைக்கு எத்தனை பேர் என்று கேட்டு, ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி வாங்குங்கள். கடந்த தொகுதியில் எத்தனை பேர் சிஸ்கோ பரீட்சையையே எழுதினார்கள் என்ற கேள்விக்குப் பதில் சுற்றிச் சுற்றி வந்தால் எழுந்து வந்துவிடலாம். "வேலை நிச்சயம்" என்றால், எந்த வேலை, என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் எவ்வளவு காசு திரும்பும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராததை விலையில் சேர்க்கக் கூடாது.

பரீட்சைத் திகதியையும் யோசித்துப் போடுங்கள். 3 வருடக் கடிகாரம் சித்தியடைந்த நாளில் ஓடத் தொடங்கும். புதுப்பிக்க மறுபடி பரீட்சை எழுத வேண்டும், அல்லது 30 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். நெட்வொர்க் பக்கம் விண்ணப்பிக்கத் தொடங்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, அதற்குள் ஏதோ ஒரு டிப்ளோமா முடிக்க வேண்டும் என்றால், பரீட்சையை அந்த டிப்ளோமாவின் கடைசி மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். விண்ணப்பம் போடும் நாளில் சான்றிதழில் மூன்று வருடமும் முழுதாக மிச்சம் இருக்கும், படித்ததும் சூடு ஆறாமல் இருக்கும்.